படிவத்தை நிரப்பாதவர் போன் செய்வார்: அழைப்பு, வாட்ஸ்அப் பட்டன்களைச் சரியாக வைப்பது எப்படி

சிறு கடைகளுக்கும் சர்வீஸ் செய்பவர்களுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பது என் வேலை. அவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் தளங்களைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே அமைப்புதான்: 'தொடர்புகொள்ள' என்று ஒரு பக்கம், அதில் பெயர், மின்னஞ்சல், பொருள், செய்தி என்று நான்கு கட்டங்கள். போன் நம்பரோ மேலே இருக்கும் பேனர் படத்துக்குள் அச்சாகியிருக்கும். அதை விரலால் தொட்டால் எதுவும் நடக்காது. நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு டயலருக்குப் போய் அடிக்க வேண்டும்.

கோவையில் பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் செய்யும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே வாடிக்கையாளர் வரும் நேரம் எது? காலையில் சுவிட்ச் போட்டு, மோட்டார் உறுமுகிறது ஆனால் சுற்றவில்லை, மேல் தொட்டியில் தண்ணீர் இல்லை என்று தெரிந்த நேரம். அவரிடம் மின்னஞ்சல் முகவரி கேட்பதில் அர்த்தமே இல்லை. நிரப்பி அனுப்பினாலும் அந்த மெயிலைக் கடைக்காரர் எப்போது பார்ப்பார் என்று சொல்ல முடியாது. வாடிக்கையாளருக்கு வேண்டியது இரண்டே வழி: உடனே பேச ஒன்று, படம் அனுப்ப ஒன்று.

படம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மோட்டாரின் நேம் பிளேட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் எத்தனை எச்.பி., சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா என்பது மெக்கானிக்குக் கேட்காமலே தெரிந்துவிடும். உறுமும் சத்தத்தைப் பத்து நொடி வீடியோ எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கெப்பாசிட்டரை. புதிய கெப்பாசிட்டரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால் இரண்டாவது நடை மிச்சமாகலாம். படிவத்தில் எத்தனை கட்டம் வைத்தாலும் இந்தத் தகவல் வராது. 'மோட்டார் ஓடல' என்று மட்டும்தான் வரும்.

சரி, இணைப்பு எழுதுவதற்கு வருவோம். இரண்டே வரிதான்:

```html
<a href="tel:+91XXXXXXXXXX">அழைக்க</a>
<a href="https://wa.me/91XXXXXXXXXX?text=...">வாட்ஸ்அப்</a>
```

நான் பார்க்கும் தவறுகளில் பாதி இந்த இரண்டு வரிக்குள்ளேதான் இருக்கிறது. அழைப்பு இணைப்பில் கூட்டல் குறியோடு +91 வேண்டும். வாட்ஸ்அப் இணைப்பில் 91 வேண்டும், ஆனால் கூட்டல் குறி, இடைவெளி, கோடு, முன்னால் பூஜ்ஜியம் எதுவும் கூடாது. அழைப்பில் வெறும் பத்து இலக்கம் போட்டாலும் ஊருக்குள் வேலை செய்யும். அதனால் தவறு கண்ணில் படாது. துபாயில் இருக்கும் மகன் ஊரில் உள்ள அப்பா அம்மாவுக்காகக் கடையைத் தேடிப் பிடித்து அழைக்கும்போதுதான் கால் போகாது. அவர் போன் அந்தப் பத்து இலக்கத்தை உள்ளூர் நம்பர் என்று நினைத்துக்கொள்ளும். லேண்ட்லைனுக்கும் இதே கணக்குதான்: 0422 என்பதில் பூஜ்ஜியத்தை எடுத்துவிட்டு +91422 என்று தொடங்க வேண்டும்.

அடுத்து, text= என்பதற்குப் பின்னால் வரும் செய்தி. இதைக் காலியாக விட்டால் வாடிக்கையாளரிடமிருந்து 'ஹாய்' என்று ஒரு செய்தி வரும். கடைக்காரர் 'சொல்லுங்க' என்பார். வந்தவர் என்ன கேட்க வந்தார் என்று தெரிவதற்குள் நேரம் போய்விடும், சிலர் அதற்குள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். எந்தப் பக்கத்திலிருந்து தட்டுகிறாரோ அந்தப் பக்கத்துக்கு ஏற்ற செய்தியை நாமே நிரப்பி வைக்கலாம். போர்வெல் மோட்டார் பக்கத்தில் 'போர்வெல் மோட்டார் ரிப்பேர். ஊர்: ' என்று வைத்தால், அவர் ஊர்ப் பெயரை மட்டும் அடித்து அனுப்பினால் போதும். ரீவைண்டிங் பக்கத்துக்கு வேறு செய்தி. எந்த வேலைக்கு வந்தவர் என்பது கடைக்காரருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

தமிழ் எழுத்தையும் இடைவெளியையும் அப்படியே இணைப்பில் ஒட்டாமல் மாற்றிப் போடுவது நல்லது. பிரவுசர் கன்சோலில் இதை அடித்து, வரும் விடையை எடுத்து ஒட்டிவிடுங்கள்:

```js
encodeURIComponent("போர்வெல் மோட்டார் ரிப்பேர். ஊர்: ")
```

இணைப்பு மிக நீளமாகத் தெரியும். ஒரு தமிழ் எழுத்துக் குறியீடு ஒன்பது எழுத்தாக விரிவதால் அப்படி. பயப்பட வேண்டாம், ஆனால் செய்தியைச் சுருக்கமாக வையுங்கள். மாற்றாமல் விட்டால் தெரியும் அறிகுறி ஒன்று உண்டு. 'மோட்டார் & பம்ப்' என்று எழுதியிருந்தால் வாட்ஸ்அப்பில் 'மோட்டார்' என்பதோடு செய்தி நின்றுவிடும். & குறி வந்த இடத்தில் அடுத்த விவரம் தொடங்குகிறது என்று இணைப்பு எடுத்துக்கொள்வதுதான் காரணம்.

பட்டனை எங்கே வைப்பது? வலது மூலையில் மிதக்கும் பச்சை வட்டம்தான் பலருக்கும் முதலில் தோன்றும். சின்னத் திரையில் அது விலைப்பட்டியலின் கடைசி எண்ணையோ 'அனுப்பு' பட்டனையோ மறைத்துக்கொண்டு நிற்கும். போனில் அடிப்பக்கம் முழு அகலத்துக்கு ஒரு பட்டை, அதில் பாதி அழைப்பு, பாதி வாட்ஸ்அப் என்பதுதான் எனக்குப் பிடித்த அமைப்பு. உயரம் 48 பிக்சலாவது இருக்கட்டும். கிரீஸ் படிந்த கட்டை விரலால் தட்டுபவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்துக்கு ஈடாகப் பக்கத்தின் அடியில் வெற்றிடம் விட்டால் கடைசி வரி மறையாது. வெறும் ஐகான் போதாது, 'அழைக்க' என்ற சொல்லும் வேண்டும். கம்ப்யூட்டரில் அழைப்பு இணைப்பைத் தட்டினால் 'எந்தச் செயலியில் திறக்க' என்று கேட்டு நிற்பது வழக்கம், அதனால் அங்கே நம்பரை எழுத்தாகவே பெரிதாகக் காட்டிவிடுங்கள்.

எந்த நம்பர் என்பதை வேலை தொடங்கும் முன்பே கடைக்காரரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். முதலாளியின் சொந்த நம்பர் என்றால் புரொஃபைலில் இருக்கும் குடும்பப் போட்டோ முன்பின் தெரியாதவர்கள் கண்ணில் படலாம். அவர் கல்யாண வீட்டில் இருந்தால் எடுக்கவும் ஆள் இல்லை. கடைக்கென்று தனி நம்பரில் வாட்ஸ்அப் பிசினஸ் போடச் சொல்வேன். லேண்ட்லைன் நம்பரிலும் அதைப் பதியலாம். சரிபார்க்கும் குறியீட்டை அழைப்பில் சொல்வார்கள். கவுண்டரில் இருப்பவரும் முதலாளியும் ஒரே கணக்கைப் பார்க்க இணைத்த சாதனங்கள் வசதி இருக்கிறது. இரவில் தானாகப் போகும் செய்தியில் 'விரைவில் தொடர்புகொள்வோம்' என்று போடாதீர்கள். 'காலை 9 மணிக்குக் கடை திறக்கும், நேம் பிளேட் போட்டோ அனுப்பி வையுங்கள்' என்று போட்டால் ஆள் காத்திருப்பார், காலையில் போட்டோவும் தயாராக இருக்கும்.

தட்டிய எண்ணிக்கையை வைத்து வாடிக்கையாளர் எண்ணிக்கையைச் சொல்ல முடியாது என்பதையும் கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிடுவேன். வாட்ஸ்அப் திறந்த பிறகு அனுப்பும் பட்டனை வாடிக்கையாளரேதான் அழுத்த வேண்டும். அழுத்தாமல் போனால் யார் வந்தார் என்று நமக்குத் தெரியாது. அழைப்பிலும் அப்படித்தான், டயலரில் நம்பர் வந்து நின்றதும் திரும்பிவிடுபவர்கள் உண்டு. தட்டல் நிறைய, செய்தி மிகக் குறைவு என்றால் முதலில் நம்பரைச் சோதியுங்கள். அதுவும் அந்த நம்பரைச் சேமித்து வைக்காத ஒருவரின் போனிலிருந்து.

படிவத்தை அடியோடு எடுக்கவும் சொல்ல மாட்டேன். கொட்டேஷன் கேட்கும் கம்பெனிகளும் அபார்ட்மென்ட் சங்கங்களும் எழுத்தில்தான் கேட்பார்கள். பெயர், போன், தேவை என்று மூன்று கட்டம் அவர்களுக்குப் போதும்.