படி: சம்பளச் சீட்டில் ஒளிந்திருக்கும் பழைய சொல்

என் அக்கா மகள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிப்ரவரி மாதச் சம்பளம் வந்ததும் போன் செய்தாள். "மாமா, மாசம் முப்பதாயிரம்னு சொல்லித்தான் சேர்த்தாங்க. போன மாசம் 28,560 வந்துச்சு. இந்த மாசம் 27,310தான் வந்திருக்கு. ஏன்?" சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அடிப்படை ஊதியம் 12,000, வீட்டு வாடகைப்படி 6,000, சிறப்புப்படி 12,000. ஆக முப்பதாயிரம். அதற்கு எதிரே பிடித்தங்கள்.

முதலில் அந்தத் தாளுக்கே என்ன பெயர்? பேஸ்லிப் என்பதைச் சிலர் சம்பளப் பட்டியல் என்று எழுதுகிறார்கள். பட்டியல் என்பது அலுவலகம் முழுவதற்கும் போடுவது. ஆளுக்கு ஒன்றாகக் கையில் தருவது சீட்டு. ஆகவே சம்பளச் சீட்டு அல்லது ஊதியச் சீட்டு என்பதே சரி. சம்பளம் என்ற சொல்லைச் சம்பு என்ற நெல்லும் அளம் என்ற உப்பும் சேர்ந்தது என்று பிரிப்பவர்கள் உண்டு. வழிநடைச் சோற்றைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. ஊதியத்தின் கதை இன்னும் தெளிவு. 'முதலிலார்க்கு ஊதியம் இல்லை' என்று குறள் 449 சொல்லும்போது அது முதலுக்குக் கிடைக்கும் லாபத்தைக் குறிக்கிறது. வியாபாரியின் லாபமாக இருந்த சொல் இன்று வேலைக்காரரின் கூலியாகிவிட்டது.

சீட்டில் எனக்குப் பிடித்த சொல் படி. அலவன்ஸ் என்பதற்கு அரசு ஆணைகளிலும் தொழிற்சங்க நோட்டீசுகளிலும் இதுதான் வழங்குகிறது. நெல்லும் அரிசியும் அளக்கும் படியை எல்லோருக்கும் தெரியும். வேலை செய்தவருக்குச் சாப்பாட்டுக்கு அளந்து கொடுத்ததால் 'படியளப்பது' என்றால் பிழைக்க வழி தருவது என்றே ஆனது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் வைத்த பொற்காசுக்குப் பெயர் படிக்காசு. அன்றாடச் செலவுக்கென்று தனியாகக் கொடுப்பது என்ற பொருள் அதிலேயே வந்துவிட்டது.

அகவிலைப்படி இன்னும் சுவையானது. பழைய அகராதிகளில் அகவிலை என்றால் தானிய விலை. தானிய விலை ஏறினால் அதற்கேற்ப அளக்கும் படி என்று சொல்லே தன் வேலையை விளக்கிவிடுகிறது. ஆலைத் தொழிலாளர்கள் இதையே பஞ்சப்படி என்பார்கள். இலங்கையில் வாழ்க்கைச் செலவுப்படி. அக்கா மகளின் சீட்டில் இந்த வரி இல்லை. பல தனியார் நிறுவனங்களில் இது கிடையாது. அதற்குப் பதில் இருப்பதுதான் சிறப்புப்படி, அதில்தான் விஷயமே இருக்கிறது.

வீட்டு வாடகைப்படி எதற்கு என்று பெயரே சொல்கிறது. சிறப்புப்படி எதற்கு? பெரும்பாலும் எதற்கும் இல்லை. மொத்தத்தில் அடிப்படையையும் வாடகைப்படியையும் கழித்தால் மிச்சம் நிற்கும் தொகைக்கு ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெயருக்கு ஒரு விலை உண்டு. வருங்கால வைப்பு நிதிக்கு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் பிடிக்க வேண்டும்; நிறுவனமும் அதே அளவு போட வேண்டும். அடிப்படையைச் சின்னதாகவும் சிறப்புப்படியைப் பெரிதாகவும் வைத்தால் இரண்டு பக்கமும் தொகை குறையும். இவள் சீட்டில் 12,000-க்கு 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய்தான் பிடித்திருந்தார்கள்.

2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்கும் படி, பெயர் என்னவானாலும் அடிப்படை ஊதியத்தின் பகுதிதான். கூடுதலாக உழைத்ததற்கான ஊக்கத்தொகை, மிகைநேரக் கூலி போன்றவை வேறு. வாடகைப்படியைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் இவளுக்கு 12,000-உம் 12,000-உம் சேர்த்து 24,000. ஆனால் கட்டாயப் பிடித்தத்துக்கான உச்ச வரம்பு 15,000 என்பதால் பிடிக்க வேண்டியது 1,800. வித்தியாசம் 360 ரூபாய். கைக்கு 360 கூட வருகிறதே என்று தோன்றும். நிறுவனம் போட வேண்டிய 360-உம் போடாமல் போவது சீட்டில் தெரியாது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இதே வழியில்தான் போகின்றன: விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்ந்துவிடும்.

அப்புறம் அந்த நிதியின் பெயர். ஆங்கிலப் பெயரில் உள்ள பிராவிடன்ட் என்ற சொல்லுக்கு லத்தீனில் முன்கூட்டியே பார்ப்பது என்று பொருள். வருங்கால வைப்பு நிதி என்பது அந்தப் பொருளை அப்படியே பிடித்த தமிழாக்கம். சிங்கப்பூரில் மத்திய சேமநிதி, இலங்கையில் ஊழியர் சேமலாப நிதி. நாவுக்குச் சேமநிதிதான் எளிது. நம்மூரில் அதுவே நிலைத்திருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை.

சரி, ஜனவரிக் கணக்கு இதோடு தீர்ந்தது: 30,000-இல் 1,440 போக 28,560. பிப்ரவரியில் குறைந்த 1,250 எங்கே போனது? தொழில் வரி. இது மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ போவது, வருமான வரியோடு சம்பந்தமில்லாதது. தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை கணக்கிடுவதால் பல நிறுவனங்கள் ஆறு மாத வரியை ஒரே சம்பளத்தில் பிடித்துவிடுகின்றன. ஆறு மாதத்தில் 1,80,000 சம்பாதிப்பவருக்குச் சென்னையில் உச்ச அளவான 1,250. ஆண்டுக்கு 2,500-ஐத் தாண்டக்கூடாது என்று அரசியலமைப்பே வரம்பு கட்டியிருக்கிறது.

வருமான வரி என்ற வரிக்கு நேரே சுழியம். அது தவறில்லை. 2025-26 நிதியாண்டில் புதிய முறையில், நிலையான கழிவு 75,000-ஐயும் சேர்த்து, ஆண்டுக்கு 12,75,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு வரி வராது. இவளுக்கு ஆண்டுக்கு 3,60,000தான்.

பிடித்தம் என்ற சொல்லுக்கு விருப்பம் என்றும் பொருள் இருப்பது தமிழின் குறும்பு. கழிவு, கழிப்பு என்றும் எழுதுகிறார்கள். ஆனால் பிடித்தம் என்றால்தான் யாரோ நம் பணத்தைக் கையில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது புரிகிறது. இதற்கும் திருவீழிமிழலையில் முன்னோடி உண்டு. அப்பருக்குக் கிடைத்த காசு முழு மதிப்புக்குச் செல்ல, சம்பந்தரின் காசை மாற்றும்போது மட்டும் கடைக்காரர்கள் வட்டம் பிடித்தார்களாம். அந்தக் குறைவுக்குப் பெயர் வாசி. 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று அவர் பாடியது இதற்காகத்தான். மொத்த ஊதியத்துக்கும் நிகர ஊதியத்துக்கும் உள்ள வாசி என்று நாமும் சொல்லலாம்.

மறுநாள் அவள் வைப்பு நிதிப் பாஸ்புக்கைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள். "மாமா, என் பங்கு 1,440 இருக்கு, கம்பெனி பங்கு 440தான் இருக்கு." பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். அதில் 1,000 இருந்தது. நிறுவனத்தின் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிரிந்து போய்விடும், மிச்சம் 3.67 சதவீதம்தான் நிதியில் சேரும். இரண்டும் கூட்டினால் அதே 1,440. சீட்டில் பிடித்ததாகப் போட்டிருந்தால் மட்டும் பணம் போய்ச் சேர்ந்ததாகாது. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் நிறுவனம் கட்ட வேண்டும், கட்டியதா என்பது இந்தப் பாஸ்புக்கில்தான் தெரியும். இவள் பாஸ்புக்கில் ஜனவரி வரை வந்திருந்தது. சிறப்புப்படியைப் பற்றிச் சம்பளப் பிரிவில் கேட்கப் போவதாகச் சொன்னாள்.