கதைத்தடமும் கோவை அட்டையும்

மழலையர் வகுப்பு ஆசிரியர்கள் பேசிக்கொள்ளும்போது 'ஸ்டோரி மேப்', 'சீக்வென்சிங் கார்டு' என்ற இரண்டு சொற்களும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். தெரிந்த கதையைக் குழந்தை தானே முறையாகத் திருப்பிச் சொல்வதற்கு இரண்டும் உதவுகின்றன. அதனால் ஒன்றின் வேலையை மற்றொன்றின் மேல் ஏற்றிவிடுகிறோம். முதலாவது, கதை நடக்கும் இடங்களைக் காட்டும் தாள். இரண்டாவது, கதை நகரும் காலத்தைக் காட்டும், குழந்தை அடுக்கிவைக்கும் பட அட்டைகள். தமிழில் நாம் சூட்டும் பெயரிலும் இந்த வேறுபாடு தெரிய வேண்டும் என்பது என் விருப்பம்.

'மேப்' என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'மாப்பா'. துணி, கைத்துண்டு என்பது அதன் பொருள். துணியில் உலகத்தை வரைந்ததால் துணியின் பெயரே வரைபடத்துக்கு ஆகிவந்தது. நம் 'படம்' என்ற சொல்லுக்கும் துணி என்ற பொருள் உண்டு. சங்கப் பாடலில் பேகன் மயிலுக்குப் போர்த்தக் கொடுத்தது 'படாம்', அதுவும் துணிதான். ஆகவே 'கதை வரைபடம்' என்று மொழிபெயர்ப்பதில் பிழை எதுவும் இல்லை. என் தயக்கம் வேறு. ஸ்டோரி மேப் என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் புழங்குகின்றன.

1981இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன் இருவரும் எழுதிய ஒரு கட்டுரையில் 'ஸ்டோரி மேப்' என்பது ஆசிரியருக்கான குறிப்பு. கதையின் முக்கிய நிகழ்வுகளையும் அவற்றின் தொடர்பையும் முதலில் எழுதிவைத்துக்கொண்டு, அதன்படி கேள்வி கேட்க வேண்டும் என்றார்கள். யார், எங்கே, என்ன சிக்கல், எப்படித் தீர்ந்தது என்று கட்டம் போட்டு நிரப்பும் தாளும் இதே பெயரில் வழங்குகிறது. ஐந்து வயதுக் குழந்தையின் முன்னால் நாம் விரிப்பதோ வேறொன்று: ஒரு பெரிய தாள், அதில் வீடு, மரம், வாய்க்கால், இவற்றை இணைக்கும் ஒரு பாதை. முதல் வகையைக் 'கதைச் சட்டகம்' என்று சொல்லலாம். இரண்டாவதற்குக் 'கதைத்தடம்' என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தடம் என்றால் வழி, காலடிச் சுவடு என்றும் பொருள். குழந்தை விரல் வைத்து நடந்துபோகும் தாளுக்கு அதைவிட நல்ல பெயர் கிடைக்குமா?

அடுத்தது 'சீக்வென்ஸ்'. பின்தொடர்தல் என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. பள்ளிக் கணக்கில் இதைத் 'தொடர்வரிசை' என்று படிக்கிறோம். வகுப்பறை அட்டைகளுக்கு 'வரிசை அட்டை', 'வரிசைப்படுத்தும் அட்டை' என்ற பெயர்கள் வழங்குகின்றன. 'நிரல் அட்டை' என்றும் சொல்லலாம். ஆனால் நிரல் என்றவுடன் இன்று கணினியும் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலும்தான் நினைவுக்கு வருகின்றன.

இந்தச் சொற்களிலெல்லாம் ஒன்று விடுபடுகிறது. ரேஷன் கடையில் நிற்பதும் வரிசைதான். அங்கே முன்னால் நிற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் ஓர் உறவும் தேவையில்லை. கதை அப்படி நிற்பதில்லை. முன்னால் நடந்ததால்தான் பின்னால் வருவது நடக்கிறது. பதறிப்போய் வருகிறவரிடம் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "நடந்ததைக் கோவையாகச் சொல்" என்பார்கள். கோவை என்றால் கோக்கப்பட்டது. மணிகள் எந்த வரிசையிலும் இருக்கலாம். நூல் ஊடே போனால்தான் அது கோவை. காதலர் முதலில் சந்திப்பதிலிருந்து மணம் வரையிலான நிகழ்வுகளைப் பாட்டுப் பாட்டாகத் தொடுத்துச் சொல்லும் சிற்றிலக்கியத்துக்கும் கோவை என்றுதான் பெயர். ஆகவே இந்த அட்டைகளைக் 'கோவை அட்டை' என்று அழைக்கலாம் என்கிறேன். பேச்சில் 'கோர்வை' என்று ரகரம் புகுந்துவிட்டது; கோத்தான், கோத்த, கோவை என்பவையே இலக்கணப்படியானவை.

இந்தப் பெயரில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு குழந்தை காரணம். கதை நம் எல்லோருக்கும் தெரிந்த கொழுக்கட்டைக் கதை. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை சாப்பிட்டவன், பெயர் மறந்துவிடக்கூடாது என்று "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடக்கிறான். வழியில் ஒரு வாய்க்கால். "அத்திரிபாச்சா" என்று தாண்டுகிறான். அந்தக் கரைக்குப் போனதும் வாயில் "அத்திரிபாச்சா" மட்டும் தங்கிவிடுகிறது. வீட்டில் அதைச் செய்துதரச் சொல்கிறான், மனைவிக்கு விளங்கவில்லை. பழைய வடிவத்தில் அவன் மனைவியை அடிப்பான். நான் குழந்தைகளுக்கு அப்படிச் சொல்வதில்லை. கோபத்தில் விறுவிறுவென்று உள்ளே போனவன் நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொள்கிறான். "ஐயோ, கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டதே!" என்று மனைவி சொல்ல, அவனுக்குச் சொல் திரும்பக் கிடைக்கிறது.

இதற்கு ஆறு அட்டைகள் வரைந்தேன். மாமியார் வீட்டில் சாப்பிடுகிறான், நடக்கிறான், வாய்க்காலைத் தாண்டுகிறான், மறுபடி நடக்கிறான், மனைவி கையை விரித்து நிற்கிறாள், நெற்றி வீங்கியிருக்கிறது. ஒரு சிறுவன் ஆறையும் பிசகாமல் அடுக்கிவிட்டான். "இப்போது கதையைச் சொல்" என்றேன். ஒவ்வோர் அட்டையாகத் தொட்டு, "இது வீடு. இது மாமா. இது தண்ணீர். இது மாமா" என்றான். வரிசை சரியாக இருந்தது. கதை இல்லை.

1939இல் டேவிட் வெக்ஸ்லர் வெளியிட்ட நுண்ணறிவுத் தேர்விலும் படங்களைக் கதையாக அடுக்கும் பகுதி ஒன்று உண்டு. அங்கே பார்ப்பது அடுக்கு சரியா என்பதையும் எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும்தான். வகுப்பில் அதோடு நிறுத்திவிட்டால் நாமும் தேர்வுதான் நடத்தியிருப்போம். குழந்தையின் வாயிலிருந்து 'அதனால்', 'ஆனால்', 'அதற்குள்' என்று எந்தச் சொல்லாவது வருகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். அந்தச் சொற்கள்தான் நூல். 'அப்புறம், அப்புறம்' என்று மட்டும் சொல்கிற குழந்தை பாதி வழி வந்திருக்கிறது.

அன்று தவறு சிறுவனிடம் இல்லை, என் அட்டைகளில்தான். இரண்டாவதும் நான்காவதும் ஒரே படம்: ஒருவன் நடக்கிறான், அவ்வளவுதான். கதையின் உயிரே அந்த இரண்டு நடைகளுக்கும் இடையிலான மாற்றத்தில் இருக்கிறது. மறுநாள் இரண்டாம் அட்டையில் அவன் தலைக்கு மேல் ஒரு குமிழ் போட்டு, உள்ளே கொழுக்கட்டை வரைந்தேன். நான்காம் அட்டையின் குமிழில் என்ன வரைவது? அத்திரிபாச்சாவுக்கு உருவம் கிடையாது. வெறும் கிறுக்கலாக விட்டேன். குழந்தைகள் அந்தக் கிறுக்கலைப் பார்த்தவுடனே சிரித்தார்கள். அப்போதே தெரிந்தது, நூல் ஊடே போய்விட்டது என்று. ஆறாம் அட்டையில் கொழுக்கட்டை குமிழுக்குத் திரும்பி வருகிறது.

ஆறையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம். அட்டையைக் கையில் எடுப்பதற்கு முன் கதையை வெவ்வேறு நாட்களில் மூன்று முறையாவது வாயால் சொல்லிவிடுவேன். முதலில் மூன்று அட்டைகள் போதும்: சாப்பிடுவது, தாண்டுவது, வீங்குவது. அவை தடையில்லாமல் வந்த பிறகு நடுவில் உள்ளவற்றைச் சேர்க்கலாம். அட்டையின் முன்பக்கம் எண் போடக்கூடாது. எண் தெரிந்த குழந்தை கதையை விட்டு எண்ணை அடுக்கும். பின்பக்கம் சிறிதாகப் போட்டால் குழந்தையே திருப்பிச் சரிபார்த்துக்கொள்ளும். இந்த வயதில் சிலர் வலமிருந்து இடமாக அடுக்குவார்கள். கேட்டால் கதையைச் சரியாகவே சொல்வார்கள். அது கதைப் பிழை ஆகாது, திசைப் பழக்கம் இன்னும் வரவில்லை என்பது மட்டுமே. தரையில் ஒரு நீளத் தாளை ஒட்டி, இடது ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைத்தால் போதும்.

அடுக்கி முடித்த பிறகு மூன்றாம் அட்டையை மட்டும் எடுத்து மறைத்துவிட்டு, "முதலில் கொழுக்கட்டை என்றவன் இப்போது ஏன் வேறு ஏதோ சொல்கிறான்?" என்று கேட்டுப் பாருங்கள். வாய்க்காலைத் தானே இட்டு நிரப்பும் குழந்தைக்குக் கோவை கைவந்துவிட்டது. மௌனமாக அட்டையைத் தேடும் குழந்தைக்கு இன்னும் ஒருமுறை கதை வேண்டும்.

இனித் தடம். இதை அச்சிட்டுக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. குழந்தைகள் பார்க்கப் பார்க்க, சொல்லிக்கொண்டே வரைய வேண்டும். இடது ஓரம் மாமியார் வீடு, நடுவில் வாய்க்கால், வலது ஓரம் அவன் வீடு, இடையில் வளைந்த பாதை. இந்தக் கதைக்கு மூன்று இடங்களே போதும். அழகுக்காகக் கோயிலும் மலையும் வரைந்தால் குழந்தைகள் அங்கேயும் கதையைத் தேடுவார்கள். கதையில் நடப்பவனாக ஒரு புளியங்கொட்டையைக் குழந்தையின் கையில் கொடுங்கள். முன்பு "இது மாமா" என்றவனே மறுநாள் புளியங்கொட்டையைப் பாதையில் நகர்த்தி, வாய்க்காலில் துள்ள வைத்து "அத்திரிபாச்சா!" என்று கத்திவிட்டு, அந்தச் சொல்லோடு வலது ஓரத்து வீடுவரை போனான். அட்டையில் அறுந்திருந்த இரண்டு நடைகளையும் பாதை இணைத்துவிட்டது.

எல்லாக் கதைக்கும் தடம் உதவாது. பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் அடுப்படியும் மரமும்தான் இடங்கள். காகம் உட்காருவது, நரி வருவது, பாடச் சொல்வது, வடை விழுவது எல்லாம் அந்த ஒரே மரத்தடியில் குவிகின்றன. தாளில் அது ஒரு புள்ளி. அங்கே கோவை அட்டைதான் கைகொடுக்கும், அதுவும் ஒவ்வோர் அட்டையிலும் வடை எங்கே இருக்கிறது என்பது பளிச்சென்று தெரிந்தால். தட்டில், காகத்தின் அலகில், காற்றில், நரியின் வாயில். காகம் மரத்தில் இருக்கும் இரண்டு அட்டைகள் குழம்பினால், நான் குழந்தையிடம் கேட்பது ஒரே கேள்வி: "வடை எங்கே?"