உலர்த்தி வாங்க மானியம்: 100 கிலோ மிளகாய்க்கு எத்தனை யூனிட் என்று முதலில் பாருங்கள்

மிளகாய் வற்றலோ கருவாடோ போட்டு விற்கிறவர்கள் உலர்த்தி வாங்க மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் மானியம் கேட்கலாம். நுண் உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்காக 2020 ஜூனில் வந்த திட்டம் இது. தனிநபர் தொழிலுக்குத் தகுதியான திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம். கையிலிருந்து குறைந்தது 10 சதவீதம் போட வேண்டும். மீதி வங்கிக் கடன். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். நிலம் வாங்கும் செலவைத் திட்டச் செலவில் காட்ட முடியாது.

முதலில் 5 ஆண்டுகளுக்கு என்று தொடங்கி, பிறகு 2025-26 வரை நீட்டிக்கப்பட்ட திட்டம் என்பதால், இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை விண்ணப்பிப்பவர்களுக்கு உதவும் மாவட்ட வள நபரிடமோ pmfme.mofpi.gov.in தளத்திலோ கேட்டுக்கொண்டு இறங்குங்கள். கீழே சொல்லும் மின்சாரக் கணக்கு எந்த மானியத் திட்டத்துக்கும் பொருந்தும்.

பலர் கவனிக்காமல் விடும் விதி ஒன்று இதில் இருக்கிறது. மானியப் பணம் நேராக உங்கள் கைக்கு வருவதில்லை. கடன் கொடுத்த வங்கியிலேயே தனிக் கணக்கில் கிடக்கும். கடனின் கடைசித் தவணை பட்டுவாடா ஆகி 3 ஆண்டு கழித்து, கடன் ஒழுங்காகக் கட்டப்பட்டு, தொழிலும் நடந்துகொண்டிருந்தால்தான் அந்தப் பணத்தைக் கடனில் கழிப்பார்கள். அதாவது உலர்த்தி வாங்கினால் மட்டும் போதாது, அது 3 வருடம் ஓட வேண்டும். ஓடுமா நிற்குமா என்பதை மாதாமாதம் வரும் மின்கட்டணம் பெரிதும் முடிவு செய்கிறது. மானியம் இயந்திரத்தின் விலையில்தான் கழியும், யூனிட்டில் கழியாது.

அதனால் விண்ணப்பத்தோடு கொடுக்கும் திட்ட அறிக்கையில் ‘மின்சாரச் செலவு’ என்ற ஒற்றை வரியை நான் முதலில் படிப்பேன். மின் உலர்த்திக்கான அறிக்கை ஒன்றில், 100 கிலோ பழ மிளகாய்க்கு 48 யூனிட் என்று எழுதியிருந்தார்கள். 6 கிலோவாட் ஹீட்டர், 8 மணி நேரம், பெருக்கினால் 48. பார்க்க ஒழுங்கான கணக்குதான். ஆனால் அது நடக்காத காரியம். ஏன் என்று தண்ணீரிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

பழுத்த மிளகாயில் ஏறக்குறைய 75 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோவில் 25 கிலோதான் உலர்ந்த சரக்கு. முழு வற்றலில் ஈரப்பதம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதி. 25 கிலோ சரக்கு 89 சதவீதமாக இருக்க வேண்டும் என்றால் கடைசி எடை 28 கிலோ. ஆக, வெளியேற வேண்டிய தண்ணீர் 72 கிலோ.

ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க, உலர்த்தியில் இருக்கும் வெப்பநிலையில், சுமார் 0.66 யூனிட் வெப்பம் வேண்டும். இதைக் குறைக்க எந்த இயந்திரத்தாலும் முடியாது, அது தண்ணீரின் இயல்பு. 72 கிலோவுக்கு 47.5 யூனிட். மிளகாயை 60 டிகிரி வரை சூடேற்ற இன்னொரு 3 யூனிட். மொத்தம் 50 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த 48-ஐத் திரும்பப் பாருங்கள். ஒரு சொட்டுச் சூடுகூட வீணாகாத உலர்த்திக்கே அது போதாது! நிஜ உலர்த்தியில் ஈரக் காற்றை வெளியே தள்ளியாக வேண்டும். அந்தக் காற்று சூடாகத்தான் வெளியேறும், கொடுத்த வெப்பத்தில் பெரும் பங்கை எடுத்துக்கொண்டே போகும். சுவர் வழியாகவும் கதவு இடுக்கு வழியாகவும் கொஞ்சம் போகும். ஹீட்டர் வைத்த சாதாரணத் தட்டு உலர்த்தியில் கொடுத்த மின்சாரத்தில் 40 சதவீதம் தண்ணீரை ஆவியாக்கப் போனாலே நல்ல உலர்த்தி. 50-ஐ 0.4-ஆல் வகுத்தால் 125 யூனிட். அதே 6 கிலோவாட் ஹீட்டருக்கு இது 21 மணி நேர ஓட்டம். முழு மிளகாய் காய உண்மையில் ஆகும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதன் தோல் மெழுகு பூசியதுபோல இருக்கும், உள்ளே இருக்கும் ஈரம் சுலபத்தில் வெளியே வராது.

ஹீட் பம்ப் வைத்த உலர்த்தி வெளியேறும் வெப்பத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். அதில் இதே வேலை பாதி யூனிட்டில் முடியும், சில சமயம் அதற்கும் கீழே. ஆனால் இயந்திரத்தின் விலை கூடுதல், பழுது பார்க்கவும் குளிர்சாதனம் தெரிந்த ஆள் வேண்டும்.

வெயில் ஊடுருவும் கூரை போட்ட சூரிய கூடார உலர்த்தியிலும் தண்ணீர் அதே 72 கிலோதான், தேவையும் அதே 50 யூனிட்தான். வெப்பம் வரும் இடம்தான் வேறு. தட்டில் நெருக்கிக் குவிக்காமல் பரப்பினால், ஒரு சதுர மீட்டருக்கு 4 கிலோ என்ற கணக்கில், 100 கிலோவுக்கு 25 சதுர மீட்டர், அதாவது 270 சதுர அடி கூடாரம் வேண்டும். தெளிந்த நாளில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் ஏறத்தாழ 5 யூனிட். 25 சதுர மீட்டர் கூரைக்கு ஒரு நாளில் 125 யூனிட். மின் உலர்த்தி ஒரு முழு பேட்ச்சுக்கு எடுத்துக்கொள்ளும் அளவை இந்தக் கூரை ஒரே நாளில் வாங்கிவிடுகிறது.

ஆனாலும் ஒரே நாளில் காயாது. மிளகாய்க்கு 3 நாள் ஆகும். 3 நாளில் 375 யூனிட் வெயில் விழுந்து, அதில் 50 யூனிட்தான் தண்ணீரை வெளியேற்றுகிறது, நூறுக்கு 13. மின்சாரத்தில் இப்படி வீணானால் தொழிலை மூட வேண்டியதுதான். வெயிலுக்கு மீட்டர் இல்லை என்பதால் இது உறுத்துவதில்லை. தாய்லாந்தில் 8 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளமுள்ள பாலிகார்பனேட் கூடாரத்தில் 500 கிலோ மிளகாயைப் போட்டு ஆராய்ந்தபோதும் 3 நாள்தான் ஆனது. வெட்டவெளியில் காயப்போட்டதற்கு 5 நாள். அங்கேயும் விசிறிகள் சோலார் பேனலில்தான் ஓடின.

சூரிய உலர்த்தியில் மின்சாரம் என்று உண்டென்றால் அந்த விசிறிகளுக்குத்தான். 40 வாட் விசிறி இரண்டு, நாளுக்கு 8 மணி நேரம், 3 நாள்: 2 யூனிட்டுக்கும் குறைவு. பேனல் வைத்தால் அதுவும் இல்லை. மாதம் 8 பேட்ச் போடுகிறவருக்கு மின் உலர்த்தியில் 1,000 யூனிட், சூரிய உலர்த்தியில் 16 யூனிட்டுக்குள். அறிக்கையில் எழுத வேண்டிய ஒப்பீடு இதுதான். விசிறி, தட்டு, பேனல் எல்லாவற்றையும் உலர்த்தியோடு ஒரே விலைப்புள்ளியில் கேட்டு வாங்குங்கள். தனித்தனியாகப் போட்டால் ஏதோ ஒன்று திட்டச் செலவில் விட்டுப்போகும்.

சூரிய உலர்த்தியின் சிக்கல் கடைசிக் கட்டத்தில்தான் வரும். மிளகாய் 25 சதவீத ஈரத்துக்கு வரும்போது எடை 33 கிலோ ஆகிவிடும். இன்னும் 5 கிலோ தண்ணீர்தான் பாக்கி, முக்கால்வாசி வேலை எப்போதோ முடிந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் அந்த 5 கிலோ காம்புக்கடியிலும் விதை ஒட்டிய தண்டிலும் பதுங்கியிருக்கும். அன்றைக்குப் பார்த்து மேகம் மூடினால் சரக்கு இரண்டு நாள் அப்படியே கிடந்து பூஞ்சை பிடிக்கும். இந்த நேரத்துக்கு மட்டும் சிறிய ஹீட்டர் ஒன்று துணைக்கு இருந்தால் போதும். கடைசி ஈரம் மெதுவாகவே வரும், ஒரு கிலோவுக்கு 4 யூனிட்கூட ஆகலாம், அப்படியும் மொத்தம் 20 யூனிட். 125 எங்கே, 20 எங்கே. வெயில் இருக்கும்வரை வெயில், மேகம் வந்தால் ஹீட்டர் என்ற இந்தக் கலப்பு ஏற்பாட்டைத்தான் நான் பரிந்துரைப்பேன். மரநிழல் விழாத 270 சதுர அடி கிடைக்காதவர்களுக்கு மட்டும் ஹீட் பம்ப்.

எப்போது காய்ந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. நிறம் இரண்டாம் நாளே வற்றல் போல ஆகிவிடும். குலுக்கினால் விதை கலகலவென்று ஆட வேண்டும், ஆனால் காம்பு மெத்தென்று இருந்தால் இன்னும் ஆகவில்லை. நம்பகமான வழி எடைதான். ஒரு தட்டில் சரியாக 4 கிலோ பழம் போட்டு அதற்குச் சிவப்புத் துணி கட்டி வையுங்கள். 75 சதவீத ஈரமுள்ள பழமாக இருந்தால் தட்டு நீங்கலாக எடை 1 கிலோ 120 கிராமுக்கு வரும்வரை எடுக்கக் கூடாது. பழத்தின் ஈரம் 80 சதவீதமாக இருந்தால் அதே தட்டு 900 கிராமுக்கு வர வேண்டும், அதனால் புதுச் சரக்கு வரும்போதெல்லாம் 100 கிராமை நறுக்கி முழுக்கக் காயவைத்து மிஞ்சும் எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தட்டை மாலையிலும் மறுநாள் காலையிலும் நிறுங்கள். காலை எடை கூடியிருந்தால் இரவில் கூடாரத்தின் காற்றுத் திறப்பை மூடாமல் விட்டிருக்கிறீர்கள், மிளகாய் பனியைக் குடித்திருக்கிறது. பகலில் செலவான வெயிலில் ஒரு பங்கு அதோடு போச்சு.

மீனுக்கு இந்தக் கணக்கு ஒரு இடத்தில் மாறுகிறது. தண்ணீரை ஆவியாக்கும் யூனிட் மீனுக்கும் அதேதான். ஆனால் தொடக்கத்தில் 50 டிகிரிக்கு மேல் போனால் சதை வெந்துபோகும், மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் சிறைப்படும். நண்பகலில் கூடாரத்துக்குள் சூடு 60-ஐத் தொடுவது சாதாரணம் என்பதால், மீனுக்கு விசிறி நின்றுவிடக் கூடாது, தெர்மாமீட்டர் கட்டாயம். இன்னொன்று, மிளகாய் ஒரு மேகமூட்டமான நாளைத் தாங்கும், மீன் தாங்காது. முதல் நாள் மாலைக்குள் மேற்பரப்பு காயாவிட்டால் அன்றிரவே வாடை வந்துவிடும். நெத்திலி போன்ற மெல்லிய மீனுக்குச் சூரிய உலர்த்தி நன்றாகவே ஒத்துவரும். தடித்த மீனை உப்பில் ஊறவைத்துக் கீறிப் போட வேண்டும். எப்படியும் கருவாடு போடுகிறவர் துணை ஹீட்டரை முதல் விலைப்புள்ளியிலேயே சேர்த்துவிட வேண்டும், பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தச் செலவுக்கு மானியம் இருக்காது. அந்த ஹீட்டரையும் சேர்த்துத் தாங்கும் அளவுக்கு மின் இணைப்பின் அனுமதிச் சுமை இருக்கிறதா என்று விண்ணப்பம் போடும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அறிக்கையில் ‘மின்சாரச் செலவு’ வரிக்கு நேரே ஒற்றை எண் எழுதாதீர்கள். பேட்ச் எடை, தொடக்க ஈரம், கடைசி ஈரம், வெளியேறும் தண்ணீர், ஒரு கிலோ தண்ணீருக்கு எத்தனை யூனிட், மாதம் எத்தனை பேட்ச் என்று ஆறு எண்களும் இருக்கட்டும். சிவப்புத் துணி கட்டிய தட்டின் எடையையும் மீட்டர் அளவையும் முதல் பேட்ச்சிலிருந்தே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். 3 வருடம் கழித்து ‘தொழில் நடக்கிறதா’ என்று கேட்கும்போது நீட்டிக் காட்ட அந்த நோட்டு இருக்கும்.