கினி 25.5: வருமானத்தின் கணக்கா, செலவின் கணக்கா?

2025 ஜூலையில், சமத்துவத்தில் உலகிலேயே இந்தியாவுக்கு நான்காவது இடம் என்ற செய்தி பரவியது. அதற்கு ஆதாரம், உலக வங்கி வெளியிட்ட 25.5 என்ற கினி எண். கினி என்பது ஏற்றத்தாழ்வின் அளவு, எண் குறைந்தால் சமத்துவம் அதிகம். எண்ணில் பொய்யில்லை. ஆனால் அது வருமானத்தைப் பற்றியதே அல்ல.

காகிதத்தில் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஐந்து குடும்பங்கள். மாத வருமானம் 5,000, 10,000, 15,000, 20,000, 50,000 ரூபாய். மொத்தம் ஒரு லட்சம். குறைந்த வருமானத்திலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் 5, 15, 30, 50, 100 சதவீதம் வரும். கிடை அச்சில் குடும்பங்களை 20, 40, 60, 80, 100 சதவீதமாகவும், செங்குத்து அச்சில் இந்த வருமான விழுக்காடுகளையும் குறித்து, பூஜ்ஜியத்திலிருந்து புள்ளிகளை இணைத்தால் அதுதான் லாரன்ஸ் வளைகோடு. எல்லோருக்கும் சம வருமானம் என்றால் அது மூலைவிட்டமாகவே இருக்கும். கோடு எங்காவது மூலைவிட்டத்துக்கு மேலே போனால், வருமானத்தை ஏறுவரிசையில் அடுக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

இனி கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு. ஐந்து பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் அகலம் 0.2, உயரம் இரு ஓரங்களின் சராசரி. எல்லாம் சேர்த்தால் 0.30. அதை இரட்டித்து 1-லிருந்து கழித்தால் கினி 0.40. இதையே நூறால் பெருக்கி 40 என்றும் எழுதுவார்கள், 25.5 அப்படி எழுதியதுதான்.

இப்போது அதே குடும்பங்களின் செலவைப் பாருங்கள்: 6,000, 9,000, 12,000, 15,000, 18,000. மிக ஏழைக் குடும்பம் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கிச் சாப்பிடுகிறது. மிகப் பணக்காரக் குடும்பம் 32,000 சேமிக்கிறது. கூட்டு விழுக்காடு 10, 25, 45, 70, 100. கினி 0.20! யாருடைய வருமானமும் மாறவில்லை, ஏற்றத்தாழ்வு மட்டும் பாதியாகத் தெரிகிறது. செலவை அளந்தால் பணக்காரரின் சேமிப்பு கணக்கிலேயே வராது.

25.5 என்பது 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. உலக வங்கியின் அதே குறிப்பு, தரவுக் குறைபாட்டால் ஏற்றத்தாழ்வு குறைவாகத் தெரியக்கூடும் என்கிறது. உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளத்தின்படி இந்தியாவின் வருமானக் கினி 2023-ல் 62 என்றும் சொல்கிறது. தலைப்புச் செய்திகள் பலவற்றில் அந்த வரி விடுபட்டது. உலக வங்கிப் பட்டியலில் லத்தீன் அமெரிக்க நாடுகளில் பலவற்றின் எண்கள் வருமானத்தை வைத்தவை. அவற்றோடு நம் செலவு எண்ணை ஒரே வரிசையில் நிறுத்தித் தரம் போடுவது தப்பாட்டம்.

ஒரே வகைத் தரவாக இருந்தாலும் எண்ணை மட்டும் காட்டாதீர்கள், கோட்டையும் வரையுங்கள். நான்கு குடும்பங்களுக்குத் தலா 10,000, ஐந்தாவதற்கு 60,000 என்று வையுங்கள். இதற்கும் கினி 0.40-தான்! ஆனால் கோடு 10, 20, 30, 40, 100 எனப் போகிறது. முதல் கோட்டை 60 சதவீதத்தில் வெட்டிக் கீழே இறங்குகிறது. இங்கே அடித்தட்டுக் குடும்பத்துக்கு முன்பைவிட இரு மடங்கு பங்கு, நடுவில் இருப்பவருக்கோ இழப்பு.