பைனரி புரோகிராம்: இது நிரல் அல்ல, திட்டம்

பைனரி புரோகிராம் என்ற கணிதச் சொல்லை ‘இரும நிரல்’ என்று பெயர்ப்பவர்கள் உண்டு. அதைப் படிக்கும் மாணவர், கணினியில் ஓடும் ஏதோ ஒரு நிரலைத் தேடிப் போய்விடுவார். இங்கே புரோகிராம் என்ற சொல் கணினியிலிருந்து வந்ததல்ல.

கிரேக்கத்தில் அதன் வேர் ‘முன்னே எழுதிவைப்பது’ என்ற பொருள் கொண்டது. ஊரார் பார்க்க எழுதி வைத்த அறிவிப்பைத்தான் அது முதலில் குறித்தது. அமெரிக்க விமானப்படை, ஆள் பயிற்சிக்கும் தளவாட விநியோகத்துக்கும் முன்கூட்டிப் போட்டுவைத்த திட்டங்களைப் புரோகிராம் என்றே சொல்லி வந்தது. அங்கே பணியாற்றிய கணிதவியலாளர் ஜார்ஜ் டான்ட்சிக் 1947இல் அத்திட்டங்களைக் கணிதமாக வகுத்தார். ‘லீனியர் புரோகிராமிங்’ என்ற சுருக்கமான பெயரை 1948இல் அவருக்குச் சொன்னவர் பொருளியலாளர் கூப்மன்ஸ். ஆகவே தமிழில் ‘நேரியல் திட்டமிடல்’ என்பதே பொருத்தம். அதே வழியில் பைனரி புரோகிராமிங் என்பது ‘இருமத் திட்டமிடல்’.

இருமம் என்ற முன்னொட்டு, ஒவ்வொரு முடிவும் 1 அல்லது 0 என்பதைச் சொல்கிறது. எடுத்தால் 1, விட்டால் 0. அரை ஆளை எடுக்க முடியாது.

ஓர் ஐவர் கிரிக்கெட் அணியைத் தேர்ந்தெடுப்போம். 2 மட்டையாளர், 2 பந்துவீச்சாளர், 1 கீப்பர் வேண்டும். கையில் 30 ஆயிரம் ரூபாய்.

| வீரர் | விலை (ஆயிரம்) | மதிப்பு |
|---|---|---|
| ம1 | 10 | 60 |
| ம2 | 8 | 50 |
| ம3 | 5 | 36 |
| ப1 | 9 | 55 |
| ப2 | 6 | 44 |
| ப3 | 4 | 24 |
| கீ1 | 8 | 40 |
| கீ2 | 4 | 30 |

ம என்பது மட்டையாளர், ப பந்துவீச்சாளர், கீ கீப்பர். ஒவ்வொரு பெயரையும் 0 அல்லது 1 ஆகும் மாறியாக வைத்தால், மொத்த மதிப்பை அதிகபட்சமாக்க வேண்டும், நிபந்தனைகள் இவை:

```
ம1 + ம2 + ம3 = 2
ப1 + ப2 + ப3 = 2
கீ1 + கீ2 = 1
10ம1 + 8ம2 + 5ம3 + 9ப1 + 6ப2 + 4ப3 + 8கீ1 + 4கீ2 <= 30
```

இனி அடுத்த சொல்: கிரீடி, அதாவது ‘பேராசை வழிமுறை’. அந்தந்த நொடியில் சிறந்ததாகத் தெரிவதை எடுத்துக்கொண்டு, எடுத்ததைத் திரும்பப் பாராமல் போவது. மதிப்பு மிக்கவரை முதலில் எடுப்போம்: ம1, பிறகு ப1. 19 ஆயிரம் போயிற்று, மிச்சம் 11. இன்னும் மூன்று இடங்கள். மிக மலிவானவர்களைப் போட்டாலும் 5 + 4 + 4, ஆக 13 ஆயிரம் வேண்டும். இரண்டாவது ஆளை எடுத்தபோதே அணி அமையும் வழி அடைபட்டுவிட்டது.

சரி, ரூபாய்க்கு அதிக மதிப்பு தருபவரை எடுப்போம். கீ2, ப2, ம3, ம2 வருகிறார்கள். 23 ஆயிரம் செலவு. ப1க்குப் பணம் போதாது, ப3தான் கிடைப்பார். மொத்த மதிப்பு 184. 3 ஆயிரம் சும்மா கிடக்கிறது.

ஒவ்வொருவரையும் எடுக்கும் முன் ‘மீதி இடங்களை மலிவானவர்களால் நிரப்ப முடியுமா’ என்று பார்த்துக்கொண்டு, மதிப்பு வரிசையில் போனால்? ம1, ப2, ம3, கீ2, ப3 அமைகிறார்கள். 29 ஆயிரத்துக்கு 194. அணி முறிவதை இந்தச் சோதனை தடுக்கிறது. சிறந்ததைத் தருவதாக உறுதி சொல்லாது.

மொத்தம் 18 சேர்க்கைகள்தான். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால் பணத்துக்குள் அடங்குபவை மூன்றே. அவற்றில் சிறந்தது ம2, ம3, ப1, ப3, கீ2: சரியாக 30 ஆயிரம், மதிப்பு 195. மதிப்பில் முதல்வரான ம1 இதில் இல்லை. ரூபாய்க்கு அதிகம் தரும் பந்துவீச்சாளர் ப2வும் இல்லை. ப2வை விட்டால்தான் ப1ஐயும் ப3ஐயும் சேர்த்து எடுக்க முடிகிறது; ஒரு ஆளைத் தனியாகப் பார்க்கும் எந்த வரிசைக்கும் இது தெரியாது.

முழு எண் என்ற கட்டாயத்தைத் தளர்த்தினால் ம2, ம3, ப2, கீ2 ஆகியோரை முழுதாகவும் ப1ஐ 0.6, ப3ஐ 0.4 என்றும் எடுத்து 202.6 வரை போகலாம். அப்படி ஓர் ஆள் கிடையாது. ஆனால் எந்த அணியும் 202ஐத் தாண்டாது என்று அந்த எண் உறுதி தருகிறது. வீரர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது, இந்த மேல்வரம்பைக் கொண்டே, சிறந்த அணி இருக்க முடியாத தேர்வுக் கிளைகளை மொத்தமாக வெட்டுகிறார்கள். ஐல்சா லேண்டும் அலிசன் டாய்க்கும் 1960இல் வெளியிட்ட கிளைத்து வரம்பிடும் முறை அதுதான்.

‘பேராசை’ என்ற பெயர் எனக்கு முழு நிறைவு தரவில்லை. பேராசை பெருநஷ்டம் என்ற பழமொழி உடனே காதில் ஒலித்து, இம்முறை எப்போதும் தவறு என்று எண்ண வைத்துவிடுகிறது. கணிதவியலாளர் ஜாக் எட்மண்ட்ஸ் 1971இல் காட்டியது வேறு: சில அமைப்புகளில் இம்முறை தவறாமல் சிறந்த விடையைத் தரும். நம் கணக்கிலேயே 30 ஆயிரம் வரம்பை எடுத்துவிட்டு இடங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்தால், மதிப்பு வரிசையில் எடுத்துப் போனாலே போதும்: ம1, ப1, ம2, ப2, கீ1, மதிப்பு 249. இதைவிட மேலான அணி கிடையாது. சிக்கல் பணவரம்பில்தான் இருக்கிறது. அதனால் ‘உடனடித் தேர்வு முறை’ என்று சொல்லவே எனக்கு விருப்பம். பேராசை என்ற சொல் நிலைபெற்றுவிட்ட இடங்களில், இந்த வேறுபாட்டை ஒரு வரியில் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.