தம்பிக்கு 18, அக்காவுக்கு 28: கணக்கில் எங்கே தப்பு?

என் சித்தி பெண்ணுக்கு 27 வயசு, தரமணியில் ஐ.டி. வேலை. போன வருஷம் அவளும் அவள் தம்பியும் வேளச்சேரியில் ஒரு ஜிம்மில் ஒரே நாளில் சேர்ந்தார்கள். கைப்பிடி வைத்த மெஷின் ஒன்றில் ஏற்றி நிறுத்தி, கொழுப்பு எவ்வளவு என்று சீட்டு எடுத்துக் கொடுத்தார்களாம். தம்பி 70 கிலோ, 18 சதவீதம். இவள் 55 கிலோ, 28 சதவீதம். தம்பி ஒரு வாரம் வீட்டில் அதைச் சொல்லியே கிண்டலடித்தான் என்பது தனிக்கதை. ஆனால் டிரெய்னரும் 'உங்களுக்கும் 18 டார்கெட் வெச்சுக்கலாம் மேடம்' என்று சீட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தார் பாருங்கள், அதுதான் பிரச்சினையே.

18-ம் 28-ம் ஒப்பிடக்கூடிய எண்களே இல்லை. நம் உடம்பில் இருக்கும் கொழுப்பு இரண்டு வகையாகக் கணக்கில் வரும். ஒன்று, சேமிப்பு: சாப்பிட்டு மிஞ்சியது. இன்னொன்று, உடம்பு ஓடுவதற்கே தேவையானது. எலும்பு மஜ்ஜையில், மூளையில், நரம்புகளைச் சுற்றிய உறையில், உள்ளுறுப்புகளில் இருப்பது. அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் பென்கி போட்ட பழைய கணக்குப்படி இந்த இரண்டாவது வகை ஆணுக்கு எடையில் சுமார் 3 சதவீதம், பெண்ணுக்கு சுமார் 12. அந்த வித்தியாசமான 9 சதவீதம் முழுக்க மார்பகத்தில் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே இருப்பது அதில் ஒரு பங்குதான், மிச்சம் பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும்.

இப்போது சீட்டை மறுபடி எடுங்கள். தம்பியின் 18-ல் 3 போனால் 15. அக்காவின் 28-ல் 12 போனால் 16. சேமிப்பு ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! அக்காவை 18-க்கு இறக்கினால் அவளுக்குச் சேமிப்பு என்று மிஞ்சுவது 6 சதவீதம். தம்பிக்கு அதே நிலைமை வர அவன் 9 சதவீதத்துக்கு இறங்க வேண்டும், அதை அவனிடம் எந்த டிரெய்னரும் கேட்கவில்லை. (பென்கியின் 12 ஒரு மாதிரி உடலுக்குப் போட்ட மதிப்பீடு, ஒவ்வொருத்திக்கும் கொஞ்சம் ஏறும் இறங்கும், கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

சரி, பெண்ணுக்கு மட்டும் ஏன் இந்தக் கூடுதல்? வயசுக்கு வருவதற்கு முன்னால் பையனுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பருவம் வந்ததும் பையனுக்கு டெஸ்டோஸ்டிரோன் தசையை ஏற்றுகிறது, பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் தொடையிலும் இடுப்பிலும் கொழுப்பைச் சேர்க்கிறது. சேர்ப்பதோடு நிற்காமல் பூட்டியும் வைக்கிறது. கொழுப்புச் செல்லின் மேல் 'கரைத்து விடு' என்று அட்ரினலினிடம் ஆர்டர் வாங்கும் ஏற்பிகளும் உண்டு, 'கரைக்காதே' என்று தடுக்கும் ஏற்பிகளும் உண்டு. பெண்களின் தொடைச் செல்களில் தடுக்கும் வகை அதிகம். எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் தொடை கடைசியில்தான் இளைக்கிறது என்று பெண்கள் புலம்புவதற்குக் காரணம் இதுதான், சோம்பேறித்தனம் இல்லை.

அந்தப் பூட்டு தளர்வது பாலூட்டும் காலத்தில். ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாக 75,000 முதல் 80,000 கலோரி வரை கூடுதலாகச் செலவாகிறது, தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் மாதங்களில் தினமும் ஏறக்குறைய 500 கலோரி அதற்கு மேல். ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பது சுமார் 7,700 கலோரி என்றால், பஞ்ச காலத்திலும் குழந்தைக்குப் பால் வற்றாமல் இருக்க உடம்பு எவ்வளவு முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். கல்யாணமே வேண்டாம் என்கிற பெண்ணின் உடம்பும் அதே கணக்கைத்தான் போடும், அதற்கு நம் திட்டம் எதுவும் தெரியாது.

கதைக்கு வருவோம். இவள் காலையில் பெசன்ட் நகர் பீச்சில் 6 கிலோமீட்டர் ஓட்டம், ராத்திரிக்கு வெள்ளரிக்காயும் முளைகட்டிய பயறும். எடை 51-க்கு வந்தது, கொழுப்பு 23 சதவீதம். 18-ஐ இன்னும் எட்டவே இல்லை, அதற்குள் மூன்று மாதமாக பீரியட்ஸ் வரவில்லை. சித்தி பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப்போனார். தைராய்டு, புரோலாக்டின், ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள், எதிலும் குறையில்லை. கடைசியில் டாக்டர் கேட்ட கேள்வி, 'ஒரு நாளைக்கு என்னம்மா சாப்பிடறே?'

23 நல்ல எண்தானே, பிறகு ஏன் நின்றது? 1974-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ரோஸ் ஃபிரிஷ், மாதவிடாய் ஒழுங்காக வர சுமார் 22 சதவீதக் கொழுப்பு வேண்டும் என்று எழுதினார். ரொம்ப நாள் அதையே எல்லோரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதற்குக் கீழே இருந்தும் மாதம் தவறாத ஓட்டப்பந்தய வீராங்கனைகள் இருக்கிறார்கள், மேலே இருந்தும் நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். மூளை சேமிப்பை மட்டும் பார்ப்பதில்லை, தினசரி வரவையும் பார்க்கிறது. கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனை அனுப்புகின்றன. கொழுப்பு நிறைய இருந்தால் லெப்டினும் நிறைய; ஆனால் சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால், கொழுப்பு அப்படியே இருக்கும்போதே சில நாளில் லெப்டின் சரிந்துவிடும். மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ் அதைப் படித்துவிட்டு, கருமுட்டையை வளர்க்கச் சொல்லும் ஹார்மோன் துடிப்புகளின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது.

எவ்வளவு குறைத்தால்? ஆன் லௌக்ஸ் என்ற ஆய்வாளர் 2003-ல் வெளியிட்ட சோதனையில், மாதவிடாய் ஒழுங்காக இருந்த பெண்களுக்கு ஐந்தே நாள் சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் அளந்து கொடுத்தார். உடற்பயிற்சிச் செலவு போக, கொழுப்பு நீங்கிய உடல் எடையில் கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே போனதும் அந்தத் துடிப்பு தடுமாறியது. இவளுக்குப் போட்டுப் பார்ப்போம். 51 கிலோவில் கொழுப்பு போக சுமார் 39 கிலோ. ஒரு நாள் சாப்பாடு 1,300 கலோரி, ஓட்டத்துக்குப் போவது ஏறக்குறைய 300. மிச்சம் 1,000, அதை 39-ஆல் வகுத்தால் 26-க்குள். அவ்வளவுதான், மர்மம் ஒன்றுமில்லை. இந்த 30 எல்லோருக்கும் பொதுவான கோடு இல்லை, சிலருக்கு முன்னாலேயே தடுமாறும், சிலர் அதற்குக் கீழேயும் தாக்குப்பிடிப்பார்கள். ஆண்களுக்கும் இப்படிப் பட்டினி போட்டால் டெஸ்டோஸ்டிரோன் விழும்தான், ஆனால் மாதாமாதம் தெரிகிற மாதிரி அறிவிப்புப் பலகை அவர்களுக்கு இல்லை. அந்த அறிவிப்பை 'தொல்லை விட்டுது' என்று சந்தோஷப்பட்டு விட்டுவிட்டால், ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு சத்தமில்லாமல் தேயும்.

மெஷினைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கொழுப்பை நேராக அளப்பதில்லை. லேசான மின்சாரத்தை உடம்புக்குள் விட்டு, எவ்வளவு தடை என்று பார்த்து, உயரம், வயசு, ஆணா பெண்ணா என்பதையெல்லாம் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு ஊகிக்கிறது. எங்கள் வீட்டு எடை மெஷினில் தம்பியின் புரொஃபைலை மாற்றாமல் இவள் ஏறி நின்றாள், எண் கடகடவென்று இறங்கிவிட்டது. உடம்பு அதே உடம்புதான்! வெயிலில் ஓடிவிட்டு வந்து தண்ணீர் குடிக்காமல் ஏறினாலும் எண் மாறும்.

டாக்டர் அவளை ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஓடி வந்ததும் நாலு இட்லி, ராத்திரி சாதம், சாயங்காலம் கடலை மிட்டாயோ சுண்டலோ. நாலு மாதம் கழித்து பீரியட்ஸ் திரும்பியது. இப்போது 54 கிலோ, சீட்டில் 27 என்று வருகிறது. தம்பி இன்னும் 18-ல்தான் இருக்கிறான், இப்போது உடம்புக்குத் தேவையான கொழுப்பைக் கழித்துச் சொல்ல அவளுக்குத் தெரியும் என்பதால் வாயைத் திறப்பதில்லை.