ஆசிட் வாஷ்: கழுவலா, ஊறலா?

துணிக்கடையில் 'ஆசிட் வாஷ்' என்று விற்கும் ஜீன்ஸில் ஆசிட் கிடையாது. வெளுப்பானில் நனைத்த நுரைக்கற்களோடு துணியைப் போட்டுச் சுழற்றி அந்தத் திட்டுத் திட்டான வெளுப்பை வரவழைக்கிறார்கள். வேதியியல் ஆய்வகத்தில் அதே பெயரில் நடப்பதிலோ ஆசிட் உண்டு, வாஷ் கிடையாது. நீரிலோ மண்ணிலோ இரத்தத்திலோ மிகச் சிறு அளவில் இருக்கும் ஈயம், காட்மியம், துத்தநாகம் போன்றவற்றை அளப்பவர்கள், மாதிரி ஊற்றும் குடுவையையும் புட்டியையும் முன்கூட்டியே அமிலத்தால் பதப்படுத்துவார்கள். அதற்குத்தான் இந்தப் பெயர். தமிழில் பலரும் இதை 'அமிலக் கழுவல்' என்று எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் செயல் தவறிவிடுகிறது.

தவறிவிடுவதை நான் கண்ணாலேயே பார்த்தேன். எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த ஒருவரிடம் பன்னிரண்டு புதுப் பாலிஎத்திலீன் புட்டிகளைக் கொடுத்து, "ஆசிட் வாஷ் செய்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர் சொன்னதைச் சொன்னபடி செய்தார். ஒவ்வொரு புட்டியிலும் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றி, அரை நிமிடம் குலுக்கி, கொட்டி, தூய நீரில் கழுவிக் கவிழ்த்துவைத்தார். கழுவு என்றால் யாரும் அதைத்தானே செய்வார்கள்? பிறகு அவற்றில் உயர்தூய்மை அமிலம் ஒரு சதவீதம் கலந்த நீரை மட்டும் நிரப்பி, மூன்று நாள் கழித்து அளந்தோம். எதுவுமே இல்லாதிருக்க வேண்டிய நீரில் துத்தநாகம் லிட்டருக்கு 2 முதல் 9 மைக்ரோகிராம் வரை இருந்தது. பிழை அவருடையதன்று. நான் சொன்ன சொல்லினுடையது.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் காரணம் புரியும். ஆங்கிலத்தின் 'வாஷ்', நீரைக் குறிக்கும் 'வாட்டர்' என்ற சொல்லுக்கு உறவு. நீரால் அழுக்கை நீக்குவதே அதன் அடிப்பொருள். அழுக்கு மேலே ஒட்டியிருக்கிறது, நீர் அதை அடித்துக்கொண்டு போகிறது என்பதே அந்தச் சொல்லுக்குள் இருக்கும் படம். 'ஆசிட்' லத்தீன் மொழியில் புளிப்பைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. நம் 'அமிலம்' வடமொழியில் புளிப்பைக் குறிக்கும் 'அம்லம்' வழியாக வந்தது. இரண்டும் நாக்கு வைத்த பெயர்கள். பழைய மருத்துவ நூல்களும் பேச்சும் வைத்திருக்கும் 'திராவகம்' அப்படியன்று. உருக வைப்பது, நீர்மமாக்கி ஓடவிடுவது என்பது அதன் வேர்ப்பொருள். சுவையை விட்டுவிட்டு வேலையைச் சொல்லும் பெயர் அது. நம் காரியத்துக்கு அதுவே பொருத்தம், ஏனென்றால் புட்டியின் சுவருக்குள் இருக்கும் உலோகத்தைக் கரைத்து வெளியே ஓடவிடத்தான் அமிலத்தைத் தேடுகிறோம்.

சுவருக்குள் என்று சொன்னதுதான் முக்கியம். பாலிஎத்திலீனை உருவாக்கும்போது பயன்பட்ட வினையூக்கிகளின் மிச்சமும், பிளாஸ்டிக் வார்ப்பில் ஒட்டாமலிருக்கவும் கெடாமலிருக்கவும் சேர்க்கும் துத்தநாக ஸ்டியரேட் போன்ற பொருள்களும் அதன் சதையிலேயே கலந்திருக்கின்றன. கண்ணாடியின் கதை வேறு. அதன் மேற்பரப்பில் சிலிக்கனோடு இணைந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. முன்பு அதில் இருந்த கரைசலின் உலோக அயனிகள் அந்த இடங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் வந்து ஒவ்வொன்றாக அவற்றை எழுப்பிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். இரண்டுமே நேரம் கேட்கும் வேலை. குலுக்கும் வேகத்தால் அதைச் சுருக்க முடியாது. வெப்பம் கொஞ்சம் உதவும்.

இந்தச் செயலுக்குத் தமிழில் ஒரு சொல் காத்திருக்கிறது: ஊறல். துணி நீரில் ஊறுகிறது என்றால் நீர் அதனுள்ளே போகிறது. கிணற்றில் நீர் ஊறுகிறது என்றால் உள்ளேயிருந்து வெளியே கசிகிறது. ஊற்று அதன் பெயர். உள்ளே புகுவதும் வெளியே கசிவதும் ஒரே வினையில் இருக்கின்றன. அமிலத் தொட்டியில் புட்டிக்கு நடப்பது இவ்விரண்டும்தான்: அமிலம் உள்ளே ஊறுகிறது, உலோகம் வெளியே ஊறுகிறது. வெளியே வரும் பாதியை மட்டும் குறிக்க ஆங்கிலம் 'லீச்சிங்' என்று தனிச்சொல் வைத்திருக்கிறது. தமிழுக்கு அந்தத் தேவையில்லை. ஆகவே 'அமில ஊறல்' என்பதே என் பரிந்துரை. ஒரே ஒரு எச்சரிக்கை: 'ஊறு' என்று வெட்டி நிறுத்தினால் கேடு என்ற பொருளும் வந்துவிடும். 'அமில ஊறு' என்று எந்தப் பெயர்ப்பலகையிலும் எழுதிவிடாதீர்கள்.

ஊறலுக்கு முன்னும் பின்னும் இரண்டு வேலைகள் இருக்கின்றன. அவற்றுக்கும் நம்மிடம் தனித்தனிச் சொற்கள் உண்டு. முன்னால் வருவதுதான் உண்மையான கழுவல். ஒட்டுத்தாளையும் அதன் பசையையும் எடுத்துவிட்டு, பாஸ்பேட் இல்லாத சோப்புக் கரைசலால் எண்ணெய்ப் படலத்தைப் போக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் அமிலம் சுவரைத் தொடாது. இங்கே துலக்கக் கூடாது. உலோகத் தண்டுள்ள தூரிகை பிளாஸ்டிக்கில் கீறல் போடும், அந்தக் கீறலே அடுத்த மாதிரியின் உலோகத்துக்குக் குடியிருப்பு ஆகிவிடும். பழைய பழக்கமாகக் குரோமிக் அமிலத்தைத் தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்ணாடி பளிச்சென்று ஆகும் என்பது உண்மை. குரோமியம் அதிலேயே ஒட்டிக்கொண்டு அளவீட்டில் தலைகாட்டும் என்பதும் உண்மை.

ஊறலுக்கு நைட்ரிக் அமிலத்தையே பெரும்பாலும் எடுக்கக் காரணம், அநேகமாக எல்லா உலோக நைட்ரேட்டுகளும் நீரில் கரையும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் எடுத்தால் வெள்ளி குளோரைடாக வீழ்படிந்துவிடும். தனிமங்களை நிறை எண்ணால் பிரித்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் அளப்பவர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு: மிஞ்சிய குளோரின் அந்தக் கருவியில் ஓடும் ஆர்கான் வாயுவோடு சேர்ந்து 75 என்ற நிறை எண்ணில் வந்து நின்று ஆர்செனிக் போல வேடம் போடும். ஒன்பது பங்கு தூய நீரில் ஒரு பங்கு அடர் நைட்ரிக் அமிலத்தை மெல்ல ஊற்றினால் வழக்கமான பத்து சதவீதக் கரைசல் கிடைக்கும். நீரில்தான் அமிலம், அமிலத்தில் நீரன்று. புகைபோக்கிப் பெட்டிக்குள், கண்ணாடியும் கையுறையும் அணிந்து செய்ய வேண்டும். சீக்கிரம் உலரட்டும் என்று அசிட்டோனோ ஆல்கஹாலோ ஊற்றி எடுத்த குடுவையை இந்தத் தொட்டியில் போடவே கூடாது. நைட்ரிக் அமிலம் அவற்றோடு சேர்ந்தால் சீறும், வெடிக்கவும் செய்யும்.

பயன்படுத்திப் பழகிய புட்டிக்கு ஒரு நாள் ஊறல் போதும். புதுப் புட்டிக்கு நான் ஒரு வாரம் கொடுப்பேன். மேலே சொன்ன பன்னிரண்டு புட்டிகளையும் மூடிகளோடு ஒரு வாரம் ஊறவைத்து மறுபடி சோதித்தபோது, பதினொன்றில் துத்தநாகம் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கும் கீழே போய்விட்டது. பன்னிரண்டாவது மட்டும் 1.4 என்றது. புட்டியைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் தொட்டியை எட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. அடுத்த தொகுதியின் மூடிகள் மேலே மிதந்துகொண்டிருந்தன. பாலிஎத்திலீன் நீரைவிட இலேசானது. கவிழ்ந்து மிதக்கும் மூடியின் திருகு மரைக்குள் ஒரு காற்றுக் குமிழி அடைந்துகொண்டால், அந்த வளையத்துக்கு அமிலமே எட்டாது. ஒரு வாரம் அமிலத்தில் கிடந்தும் உள்ளே காய்ந்தே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து மூடிகளைத் தனியாக, அமிலம் நிரப்பிய அகன்ற புட்டிக்குள் அடைத்துக் குலுக்கி, குமிழி போனதைப் பார்த்த பிறகே ஊறவிடுகிறோம்.

பின்னால் வருவது அலசல். மின்தடைத்திறன் 18.2 மெகாஓம் சென்டிமீட்டர் உள்ள தூய நீரால் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் முழுதாகக் கொட்டிவிட்டு. அலசல் என்றால் ஆராய்ச்சியும் கூட என்பது இந்தத் துறைக்காரர்களுக்குத் தமிழ் கொடுத்த சின்னப் பரிசு. பிறகு துடைக்கக் கூடாது, காகிதத்தில் துத்தநாகம் முதல் அலுமினியம் வரை இருக்கும். வடிகட்டிய காற்று ஓடும் இடத்தில் கவிழ்த்து உலர்த்தலாம். அதைவிட நல்லது, உயர்தூய்மை அமிலம் ஒரு சதவீதம் கலந்த நீரை நிரப்பி மூடி, இரட்டைப் பையில் போட்டுவைப்பது. மாவு பூசிய கையுறையும் வேண்டாம், அதிலிருந்தும் துத்தநாகம் உதிரும்.

இத்தனை பாடு எதற்கு என்பதை ஒரு கணக்கு காட்டும். 100 மில்லிலிட்டர் ஆற்று நீரில் ஈயம் லிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் புட்டியில் இருக்கும் மொத்த ஈயமே 20 நானோகிராம்தான். நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. சுவர் இன்னொரு 50 நானோகிராமைக் கசியவிட்டால் கருவி 0.7 என்று காட்டும், மூன்றரை மடங்கு. அதே கசிவு, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஈயமுள்ள நீரில் நடந்திருந்தால் 10.5 என்று வந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். 'டிரேஸ்' என்ற சொல்லுக்கு நேரான 'சுவடு' இங்கே உயிர் பெறுகிறது: அளக்க வந்ததும் ஒரு காலடித் தடம், புட்டி விட்டதும் ஒரு காலடித் தடம், எது யாருடையது என்று கருவி சொல்லாது.

பூமியின் வயதை 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் வெளியிட்ட கிளேர் பேட்டர்சன், ஈயத்தின் இந்தக் கலப்போடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டியவர். 1980இல் அவரும் டொரதி செட்டிலும் சூரை மீனின் சதையில் கிராமுக்கு 0.3 நானோகிராம் ஈயம் இருப்பதாக அளந்தார்கள். வேறோர் ஆய்வகம் சொல்லியிருந்த அளவு 400. ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட அந்த வித்தியாசம் மீனில் இருந்ததன்று.

மாதிரி எதுவும் சேர்க்காத வெற்றுக் கரைசலில் வரும் அளவைக் கழித்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாப் புட்டியும் ஒரே அளவு கசிந்தால் கழிக்கலாம். 2 முதல் 9 வரை என்று சிதறிக் கிடந்தால் எதை எதிலிருந்து கழிப்பது? வெற்றின் அளவைவிட அதன் சிதறலே புட்டி சரியாக ஊறியதா என்பதைக் காட்டும். பத்துப் புட்டிக்கு ஒன்றாவது இப்படிச் சோதித்துப் பார்ப்பது வழக்கம்.

ஊறலால் தீராத இடங்களும் உண்டு. போரோசிலிக்கேட் கண்ணாடியின் உடலே போரான், சோடியம், அலுமினியம், சிலிக்கா. எத்தனை வாரம் ஊறினாலும் இவை வந்துகொண்டேதான் இருக்கும். இவற்றை அளக்கக் கண்ணாடியைத் தொடவே வேண்டாம். பாதரசத்துக்கோ நேர்மாறு: அதன் ஆவி பாலிஎத்திலீன் சுவரை ஊடுருவிப் போகும், வரும். அதற்குக் கண்ணாடியோ டெஃப்லானோதான்.

எங்கள் அலமாரியில் இப்போது 'ஆசிட் வாஷ் ஆனது' என்ற ஒட்டுத்தாள் இல்லை. பையின் மேல் எழுதுவது இது: 'கழுவியது. 10% நைட்ரிக், 7 நாள் ஊறல், மூடி தனியே. 5 அலசல்.' கீழே தேதி.